வானத்துப் படம் வாய்ப்புத் தராது!

சேத்தியாத்தோப்பில் ஒரு வாலிபர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்தவர். கதை எழுதத் தெரிந்தவர். விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் நடக்கிற ஒரு குடும்பக் கதை அவர் மனதில் இருக்கிறது. அதை எட்டு வாரத் தொடராக எடுக்க வேண்டும் என்பது ஆசை. முதலில் டெலிவிஷனில் வர வேண்டும்; பிறகு செல்போனிலும் ஜனங்கள் பார்க்க வேண்டும்.

பெரிய டெலிவிஷன் கம்பெனிகளின் வாசல் அவருக்குத் திறக்காது. சிறிய சேனல் ஒன்று, "வாருங்கள், பத்து நிமிடம் பேசலாம்" என்று சொல்லியிருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் அவர் கையில் இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு நிமிட முன்னோட்டப் படம். இதைத்தான் தொழிலில் "சிஸில் ரீல்" என்கிறார்கள். மற்றொன்று, கதையையும் செலவையும் விளக்கும் குறிப்பேடு. இதற்குப் பெயர் "பிட்ச் டெக்".

வாலிபர் என்ன செய்கிறார்? கடன் வாங்குகிறார். டிரோன் கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கிறார். வெள்ளாற்றையும் அணைக்கட்டையும் வானத்திலிருந்து படம் பிடிக்கிறார். ஒரு சினிமாப் பாட்டின் இசையை அதோடு சேர்க்கிறார். பார்த்தவர்கள் எல்லோரும், "சினிமா மாதிரியே இருக்கிறது!" என்று பாராட்டுகிறார்கள்.

சேனலிலும் பாராட்டுகிறார்கள். ஆனால் தொடரை வாங்கவில்லை!

ஏன்?

யாருக்காக இந்தப் படம்?

முன்னோட்டம் ஜனங்களுக்காக எடுக்கும் விளம்பரம் அல்ல. அது ஒரே ஒருவருக்காக எடுக்கும் படம். பணம் கொடுத்து வாங்க வேண்டியவருக்காக எடுக்கும் படம். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல பேர் கைக்காசை இழக்கிறார்கள்.

ஜனங்களுக்கு வேண்டியது அழகு. வாங்குகிறவருக்கு வேண்டியது நம்பிக்கை. "இந்த ஆளால் இதை எடுக்க முடியுமா? நாம் கொடுக்கிற காசுக்குள் எடுக்க முடியுமா? எட்டு வாரமும் இதே மாதிரி இருக்குமா?" இந்த மூன்று கேள்விகளும் அவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

வானத்திலிருந்து வெள்ளாற்றைக் காட்டியதும் சேனல்காரர் கேட்டார்:

"தம்பி, இந்த மாதிரிப் படம் ஒவ்வொரு வாரமும் வருமா?"

"இல்லை சார். இது முன்னோட்டத்துக்காக எடுத்தது."

முடிந்தது கதை! தொடரில் வராத ஒன்றை முன்னோட்டத்தில் காட்டிவிட்டார். காட்டியது பொய் அல்ல. ஆனால் கொடுக்க முடியாத வாக்குறுதி. கடையில் நல்ல கத்தரிக்காயை மேலே அடுக்கி, சொத்தையைக் கீழே வைக்கிற வியாபாரம் போல அது ஆகிவிட்டது.

சிறிய சேனலுக்குப் போகிறவர் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான். தொடருக்கு என்ன செலவோ, அந்தச் செலவிலேயே முன்னோட்டமும் எடுக்கப்பட வேண்டும். அதற்கு மேல் ஒரு காசு செலவழித்தாலும் அது தனக்குத் தானே வெட்டிக்கொள்ளும் குழி.

அமெரிக்கச் சகோதரர்கள் செய்தது

"அமெரிக்காவில் அப்படிச் செய்யவில்லையே!" என்று சிலர் வாதம் செய்வார்கள். அவர்கள் சொல்லுவது டஃபர் சகோதரர்களின் கதை.

மாட் டஃபர், ராஸ் டஃபர் என்ற இரட்டைச் சகோதரர்கள் ஒரு தொடருக்குக் கதை எழுதினார்கள். பழைய பேய்க்கதைப் புத்தகம் போல அட்டை போட்டு, சுமார் இருபது பக்கத்தில் ஒரு குறிப்பேடு தயாரித்தார்கள். அப்போது அந்தத் தொடருக்கு "மான்டாக்" என்று பெயர். முன்னோட்டத்துக்கு அவர்கள் எதையும் படம் பிடிக்கவில்லை. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பழைய சினிமாக்களிலிருந்து துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார்கள்.

பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்களில் அவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. கடைசியில் நெட்பிளிக்ஸ் கம்பெனி வாங்கியது. 2016-ம் ஆண்டு ஜூலை மாதம் "ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்" என்ற பெயரில் தொடர் வெளியாகி, உலகம் முழுவதும் ஓடியது.

அவர்களுக்கு அது பலித்தது. சேத்தியாத்தோப்பு வாலிபருக்கு ஏன் பலிக்காது?

நெட்பிளிக்ஸிடம் பணம் இருந்தது. "எந்த மாதிரித் தொடர்?" என்பதை மட்டும் அவர்கள் தெரிந்துகொண்டால் போதும். எடுத்துக்கொள்வதற்கு வேண்டிய செலவைச் செய்ய அவர்களால் முடியும். சிறிய சேனலிடம் பணம் இல்லை. பெரிய டைரக்டர்கள் எடுத்த சினிமாத் துண்டுகளை அங்கே காட்டினால், "இதை எடுத்தது நீ இல்லையே!" என்ற எண்ணம்தான் வரும். மேலும், பிறர் படத்தையும் பாட்டையும் எடுத்துப் போட்ட முன்னோட்டத்தைச் சேனல் விளம்பரத்துக்குப் பயன்படுத்த முடியாது. உரிமைக்காரர் வந்து கேட்பார்.

தமிழ்நாட்டுக்குப் பொருத்தமான வழி வேறு. பாலாஜி மோகன் என்ற இளைஞர் "காதலில் சொதப்புவது எப்படி" என்று ஒரு குறும்படம் எடுத்தார். அது இணையத்தில் பரவியது. 2012-ம் ஆண்டு அதே பெயரில் அவரே டைரக்ட் செய்த சினிமா வெளிவந்தது. சொந்தக் கையால் எடுத்துக் காட்டியதால், "இவரால் முடியுமா?" என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் கிடைத்துவிட்டது. சிறிய ஊரிலிருந்து போகிறவருக்கு இந்த வழிதான் வழி.

கதை எங்கே இருக்கிறது?

வாலிபர் வீட்டுக்குத் திரும்பி, மறுபடியும் யோசிக்கட்டும். அவர் கதை என்ன?

ஐப்பசி மாதம். பீங்கான் பட்டறை ஒன்றில் கார்த்திகை தீபத்துக்கு விளக்குகள் செய்ய வேண்டும். பெரிய ஆர்டர். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் அதைத் துணிந்து ஏற்றுக்கொள்கிறாள். மாமனாருக்குச் சம்மதம் இல்லை. வெளியே மழை விடாமல் பெய்கிறது.

பட்டறை வேலை தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள ஆபத்து தெரியும். களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் ஏடு போலப் பிடிக்கும். மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்சம் இறுகியதும் பொருளை வெளியே எடுத்துக் காயவைப்பார்கள். நன்றாகக் காய்ந்த பிறகே சூளையில் வைக்க வேண்டும். ஈரம் மிச்சம் இருந்தால், சூட்டில் அது நீராவியாகி, பொருளை உடைத்துவிடும். மழைக்காலத்தில் காய்வதற்கு நாள் பிடிக்கும். தீபத் திருநாளோ யாருக்காகவும் காத்திருக்காது!

காயும்வரை பொறுப்பதா? நாள் நெருங்குகிறது என்று சூளையைப் பற்றவைப்பதா? மாமனார் ஒன்று சொல்கிறார். மருமகள் ஒன்று சொல்கிறாள். தொடரின் உயிர் இதுதான்.

இந்தக் கதைக்கு டிரோன் எதற்கு? ஆறு எதற்கு? ஒரு பட்டறை, ஒரு வீடு, ஐந்து நடிகர்கள், மழைச் சத்தம். இவ்வளவு போதும்.

இரண்டு நிமிடம் எப்படி ஓட வேண்டும்?

முதல் பத்து விநாடியில் அச்சிலிருந்து ஈரமான விளக்கை இரண்டு கைகள் எடுக்கின்றன. கைகளில் புது வளையல். வெளியே மழை. இடமும் ஆளும் தெரிந்துவிட்டன.

அடுத்த அரை நிமிடம் ஒரே காட்சி. மருமகள் ஆர்டரை ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறாள். மாமனார் பதில் பேசாமல் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறார். இந்தக் காட்சியை வெட்டாமல் முழுதாக விட வேண்டும். இவருக்கு நடிகர்களை நடிக்கவைக்கத் தெரியுமா என்பதை வாங்குகிறவர் இங்கேதான் கண்டுகொள்வார். விறுவிறுப்பாக ஓடும் துண்டுகளை எவரும் ஒட்டிவிடலாம். இரண்டு பேர் நின்று பேசுவதை நம்பும்படி எடுப்பதுதான் கஷ்டம்.

பிறகு ஒரு நிமிடம், தொடரின் பல வாரங்களிலிருந்து நாலைந்து காட்சிகள். புருஷன் இருவருக்கும் நடுவில் தவிக்கிறான். பணம் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். ராத்திரியில் யாரோ சூளைக்கு நெருப்பு வைக்கிறார்கள்.

கடைசியில் இருட்டு. சூளைக்குள்ளே "டப்" என்று ஒரு சத்தம். மருமகளின் முகம். தொடரின் பெயர். அவ்வளவுதான்!

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. அது சத்தம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் பொறுக்கமாட்டார்கள். கேமராவிலேயே இருக்கும் மைக்கை நம்பினால், மழைச் சத்தத்தில் வசனம் மூழ்கிப்போகும். நடிகரின் சட்டையில் பொருத்தும் சிறிய மைக்கை வாடகைக்கு எடுப்பது, டிரோன் எடுப்பதைவிட நூறு மடங்கு மேல்.

காசுப் பக்கம்

இனி குறிப்பேடு. எட்டுப் பக்கம் போதும். முதல் பக்கத்தில் பெயரும், கதையைச் சொல்லும் ஒரே வாக்கியமும். பிறகு கதைச் சுருக்கம், பாத்திரங்கள், இடம், எட்டு வாரத்திலும் என்ன நடக்கிறது என்பது, யார் பார்ப்பார்கள் என்பது, செலவு, எடுப்பவர்கள் யார் என்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்.

எல்லோரும் முதல் நாலு பக்கத்தை அழகாகச் செய்துவிடுகிறார்கள். செலவுப் பக்கத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். "குறைந்த செலவில் எடுத்துத் தரப்படும்" என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். இதைப் படித்ததும் வாங்குகிறவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கணக்கைப் பார்க்கலாம். தொகைகள் உதாரணத்துக்குச் சொல்பவை. ஊருக்கு ஊர், சேனலுக்குச் சேனல் இவை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

சேனல் ஒரு வாரத் தொடருக்கு 40,000 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எடிட்டிங், டப்பிங், இசைக்கு 10,000 ரூபாய் போய்விடும். மீதி 30,000. அரை மணி நேரத்தில் விளம்பரம் போக 24 நிமிடம் கதை ஓட வேண்டும். ஒரு நாளைக்கு 12 நிமிடக் கதை எடுத்தால், இரண்டு நாள் ஷூட்டிங். அப்படியானால் ஒரு நாளைக்கு 15,000 ரூபாய்.

கேமராவுக்கும் கேமராக்காரருக்கும் 4,000. மைக்குக்கும் ஒலிப்பதிவுக்காரருக்கும் 2,500. ஐந்து நடிகர்களுக்கு 4,000. பதினாலு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு 2,100. வண்டி 1,400. பட்டறைக்கும் மின்சாரத்துக்கும் 1,000. கூட்டிப் பாருங்கள். சரியாக 15,000!

ஒரு ரூபாய்கூட மிச்சம் இல்லை. ஒரு நாள் நடிகர் வராவிட்டால் என்ன செய்வது? எனவே இரண்டு வழிதான். எட்டு வாரத்துக்கும் ஒரே பட்டறையில், தொடர்ந்து ஷூட்டிங் நடத்தி வண்டிச் செலவைக் குறைக்க வேண்டும். அல்லது பாத்திரங்களில் ஒருவரைக் குறைக்க வேண்டும். இப்படி யோசித்துக் கதையைத் திருத்தியதைக் குறிப்பேட்டில் காட்டினால், "இந்தத் தம்பிக்கு விஷயம் தெரிகிறது" என்று வாங்குகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

எதிர்ப்பக்கத்துக் கணக்கு

இதுவரை போட்டது எடுப்பவரின் கணக்கு. வாங்குகிறவரின் கணக்கையும் போட வேண்டும். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

1994-ம் ஆண்டின் கேபிள் டெலிவிஷன் விதிகளின்படி, ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக்கூடாது. அதில் வியாபார விளம்பரம் 10 நிமிடம். மீதி 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். ஆகவே அரை மணி நேரத் தொடரில் வியாபார விளம்பரம் 5 நிமிடம்தான். அதாவது, பத்து விநாடி விளம்பரங்கள் முப்பது.

ஒரு பத்து விநாடிக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால், முப்பதும் விற்றால் 30,000 ரூபாய். சிறிய சேனலில் முப்பதும் விற்காது. பாதி விற்றால் 15,000. மறு ஒளிபரப்பிலும் அதே அளவு விற்றால் மொத்தம் 30,000. தொடருக்குக் கொடுத்ததோ 40,000. வாரத்துக்கு 10,000 ரூபாய் நஷ்டம்!

"கதை நன்றாக இருக்கிறது, ஸ்பான்சர் கொண்டு வாருங்கள்" என்று சேனல்காரர் சொல்வது இதனால்தான். அது தட்டிக்கழிக்கும் பேச்சு என்று பல பேர் கோபித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது கோபப்பட வேண்டிய பேச்சு அல்ல. அந்தப் பத்தாயிரம் ரூபாய்க்கு வழி சொல்லச் சொல்கிறார்.

வழி இருக்கிறது. கதை கார்த்திகை தீபத்தைப் பற்றியது. தொடர் ஐப்பசியில் ஆரம்பித்து, தீபத்துக்கு முன்னால் முடிய வேண்டும். அந்த நாட்களில் விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் விற்பவர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், பாத்திரக்கடைக்காரர்கள் எல்லோரும் விளம்பரம் செய்யத் தயாராக இருப்பார்கள். விருத்தாசலத்திலும் சிதம்பரத்திலும் நெய்வேலியிலும் நாலு கடை ஏறி இறங்கி, "தொடர் வந்தால் விளம்பரம் தருகிறோம்" என்று ஒருவரிடமாவது கடிதம் வாங்கிக் குறிப்பேட்டில் சேர்க்க வேண்டும். வானத்திலிருந்து எடுத்த பத்துப் படங்களுக்கு இல்லாத பலம் அந்த ஒரு கடிதத்துக்கு உண்டு.

"ஒளிபரப்பு நேரத்தை நீங்களே விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரம் பிடித்து லாபம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றும் சேனலில் சொல்லலாம். அப்படிச் சொன்னால், மேலே போட்ட கணக்கில் வரும் நஷ்டம் முழுவதும் வாலிபர் தலையில் விழும். சேனலாலேயே பாதி விளம்பரம்தான் விற்க முடிகிறது என்றால், புதிதாக வந்தவர் எத்தனை விற்பார்? வீட்டை அடகு வைத்து இதில் இறங்கக்கூடாது.

கதை திருட்டுப் போனால்?

"குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டு வந்தால், கதையை அவர்களே எடுத்துக்கொண்டுவிட்டால்?" இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. நியாயமான பயம்தான்.

வெறும் எண்ணத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. 1978-ம் ஆண்டு ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. "பீங்கான் பட்டறையில் ஒரு குடும்பக் கதை" என்பது வெறும் எண்ணம். அதை யாரும் எடுக்கலாம். பாத்திரங்கள், சம்பவங்கள், வாரா வாரம் கதை போகும் விதம் எல்லாவற்றையும் எழுதிவைத்தால்தான் பாதுகாப்பு.

இதற்கு நல்ல உதாரணம் பம்பாயில் நடந்த ஒரு வழக்கு. குழந்தைக் கண்ணனை வைத்து ஒரு தொடருக்குச் சன்டயல் என்ற கம்பெனியார் குறிப்பு எழுதினார்கள். எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்தார்கள். ஜீ கம்பெனியிடம் கொடுத்தார்கள். பிறகு அதே போன்ற தொடர் ஒன்று வருவது கண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். 2003-ம் ஆண்டு பம்பாய் ஐகோர்ட்டு அவர்கள் பக்கம் நின்றது. நம்பிக்கையின் பேரில் காட்டிய திட்டத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்தக்கூடாது என்று சொன்னது.

அவர்கள் ஜெயித்தது எதனால்? விவரமாக எழுதியிருந்தார்கள். யாரிடம் கொடுத்தோம் என்பதற்கு அத்தாட்சி இருந்தது. வாலிபரும் அதையே செய்ய வேண்டும். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் இருக்கிறது. கதையைப் பதிவு செய்துகொள்ளலாம். குறிப்பேட்டை நேரில் கொடுத்தாலும், அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட வேண்டும். "இன்று உங்களைச் சந்தித்து இந்தக் கதையைக் கொடுத்தேன். உங்கள் பரிசீலனைக்கு மட்டும்" என்று இரண்டு வரி எழுதினால் போதும். தேதி தானாகப் பதிவாகிவிடும்.

பயந்துகொண்டு கதையைச் சொல்லாமலே இருப்பதும் தவறு. சொல்லாத கதையை யாரும் வாங்கமாட்டார்கள்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

சேனலுக்குப் போவதற்கு முன்னால், முன்னோட்டத்தை வேறு யாருக்காவது காட்ட வேண்டும். நண்பர்களுக்கு அல்ல. கதை தெரியாத ஒருவருக்குக் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டு அத்தையாக இருந்தால் மிகவும் நல்லது.

பார்த்துவிட்டு அத்தை, "நல்லா எடுத்திருக்கேப்பா" என்று சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம். படம் தோற்றுவிட்டது என்று அர்த்தம்! மறுபடியும் உட்கார்ந்து வெட்டி ஒட்ட வேண்டும்.

"அது சரி, சூளைக்குள்ளே உடைஞ்சது எத்தனை விளக்கு? அந்தப் பொண்ணு என்ன செஞ்சா?" என்று அத்தை கேட்டால், அன்றைக்கே சேனலுக்கு டிக்கெட் எடுக்கலாம்.